கல்யாணப் பத்திரிகை வந்தது, போக முடியவில்லை

ஆடி மாதம் கழிந்து ஆவணி பிறந்துவிட்டால் நம் தோட்டப்புறங்களில் சாயங்கால வேளைகளில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். புருஷனும் பொஞ்சாதியுமாக இருவர் வருவார்கள். கையில் ஒரு தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம், மேலே மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. "குடும்பத்தோட வந்துரணும்" என்று தட்டை நீட்டுவார்கள். "வராமலா? கண்டிப்பா வந்துருவோம்" என்று நாமும் சொல்லிவிடுவோம். தட்டு உள்ளே போன பிறகுதான் நாட்காட்டியைப் பார்ப்போம். அதற்கும் பிறகுதான் பணப்பையைப் பார்ப்போம்.

சென்ற ஆவணியில் கீழ்ப்பேராவில் செம்பனைக் குலை வெட்டும் நண்பர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. விஷயம் சிக்கலாகிப் போன பிறகு நம்மிடம் வந்து, "சொல்லித் தொலைச்சிட்டேன், இப்ப என்ன பண்றது?" என்று கேட்டார். வேறு பல வீடுகளிலும் இதே சங்கடம் இருப்பதை நாம் அறிவோம் என்பதால், அவர் அனுமதியோடு அதை இங்கே விவரமாக எழுதுகிறோம். பெயர் வேண்டாம் என்றார். ஆகவே பெயர் இல்லை.

நண்பரின் பழைய பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர். இருவரும் ஒரே லயத்தில் பதினெட்டு வருஷம் சுவருக்குச் சுவர் இருந்தவர்கள். தோட்டம் கைமாறியபோது அவர் குடும்பத்தோடு கிள்ளான் பக்கம் போய், அங்கே ஒரு தாமானில் வீடு எடுத்துக்கொண்டார். அவர் மகனுக்குக் கல்யாணம். பத்திரிகையைத் தபாலில் அனுப்பவில்லை, தொலைபேசியிலும் அழைக்கவில்லை. மனைவியைக் கூட்டிக்கொண்டு கிள்ளானிலிருந்து பஸ் ஏறி நேரில் வந்து தட்டு வைத்தார். அப்படி வந்த மனுஷனிடம் எப்படி மாட்டேன் என்பது? "வந்துருவோம்ணே" என்று நண்பர் சொல்லிவிட்டார். ஆறு பேர் கொண்ட குடும்பம். அவரும் ஆறு பேரைக் கணக்கில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அன்று இரவுதான் நண்பரின் மனைவி, "அன்னிக்குத்தானே ஜொகூர்ல ஒங்க தங்கச்சி மக சடங்கு?" என்று கேட்டார். அதே ஞாயிற்றுக்கிழமை! தங்கை மகளுக்கு இவர் தாய்மாமன். மாமன் சீர்த் தட்டோடு இவர் போய் நிற்காவிட்டால் அந்தச் சபையில் தங்கை தலைநிமிர முடியாது. அந்த இடத்துக்கு மாற்று ஆள் கிடையாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எல்லா அழைப்பும் ஒரே எடை அல்ல. தாய்மாமன், மணமக்களின் உடன்பிறந்தவர், பங்காளி வீட்டில் மூத்தவர் ஆகியோருக்கு அழைப்பு வருவது வேலை ஒப்படைப்பது போல. அந்தச் சடங்கில் அவர்கள் கை பட வேண்டிய காரியம் இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்க வழி தேடக் கூடாது என்பதே நம் கருத்து. உடம்பு முடியாமல் போனால்கூடத் தம்பியையோ மூத்த மகனையோ தன் இடத்தில் நிறுத்தியாக வேண்டும். மற்றபடி நண்பராய், பழைய அண்டை வீட்டாராய், வேலைத்தளத் தோழராய் அழைக்கப்படுகிறோம் என்றால், வர இயலவில்லை என்று சொல்லிக்கொள்ள இடம் உண்டு. சொல்லும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் நண்பர் என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. மூன்று நாள் பேசாமல் இருந்தார். "நாள் கிட்ட வரட்டும், காய்ச்சல்னு சொல்லிரலாம்" என்பது அவர் யோசனை. இதைத்தான் பலரும் செய்கிறோம். இது இரண்டு வகையில் கெடுதல்.

முதலாவது, பொய் நிற்காது. கிள்ளானில் இருப்பவருக்கும் ஜொகூரில் இருப்பவருக்கும் பொதுவான உறவு யாராவது ஒருவர் இருப்பார். சடங்கு வீட்டில் சீர்த் தட்டோடு இவர் நிற்கும் படம் அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் சுற்றிவரும். காய்ச்சல்காரர் பட்டுவேட்டியில் நிற்பதை மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பார்கள். வராததை மன்னித்தாலும் காய்ச்சலை மன்னிக்க மாட்டார்கள். அதோடு, நல்ல காரியத்துக்குப் போகாமலிருக்க வீட்டாளுக்கு நோய் என்று வாயால் சொல்வதை நம் பெரியவர்கள் விரும்பியதே இல்லை.

இரண்டாவது, சாப்பாட்டுக் கணக்கு. முன்பெல்லாம் தோட்டத்தில் கல்யாணம் என்றால் கோயில் பக்கத்தில் கொட்டகை போட்டு, அண்டா வைத்து, லயத்து ஆட்களே சமைப்பார்கள். பத்துப் பேர் கூட வந்தாலும் குழம்பில் தண்ணீர் சேரும். பத்துப் பேர் குறைந்தாலும் மறுநாள் பழையது ஓடும். இன்று மண்டபத்தில் விருந்து. சமையல்காரரிடம் தலைக்கு இவ்வளவு என்று பேசி, நாளுக்கு முன்னதாகவே ஆள் கணக்கைக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த பிறகு வந்தாலும் வராவிட்டாலும் பணம் பணம்தான். ஒரு தட்டு இருபது வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர் சொல்லாமல் நின்றுவிட்டால் நூற்றிருபது வெள்ளி குப்பைக்கு. இப்படி ஐந்து குடும்பம் "வந்துருவோம்ணே" சொல்லி வராமல் இருந்தால் அறுநூறு. அந்தப் பணத்தைப் பெரும்பாலும் கடன் வாங்கியோ சீட்டு எடுத்தோதான் போட்டிருப்பார்கள். காலி நாற்காலிகளைப் பார்த்து அந்த வீட்டம்மா மனதுக்குள் என்ன நினைப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நாம் நண்பரிடம் சொன்னது: "இன்னிக்கே பேசுங்க." தபாலில் வந்த பத்திரிகையானால் இரண்டு மூன்று நாளில் பதில் சொல்வது போதும். நேரில் தட்டு வைத்தவருக்கு, முடியாது என்று தெரிந்த அன்றே சொல்ல வேண்டும். ஆள் கணக்குக் கொடுக்கும் முன் சொன்னால் அது தகவல். கொடுத்த பின் சொன்னால் அது நஷ்டம்.

தட்டு வைக்கும்போதே நமக்கு வர முடியாது என்று தெரிந்திருந்தால் என்ன செய்வது? தட்டை வாங்க வேண்டும். இதில் சந்தேகமே வேண்டாம். சிலர், "அன்னிக்கு வேலைண்ணே, பத்திரிகை எதுக்கு வீணா, வேற ஆளுக்கு வைங்க" என்று கையை இழுத்துக்கொள்கிறார்கள். சிக்கனம் என்று நினைத்துச் சொல்கிறார்கள். கேட்பவருக்கு முகத்தில் கதவைச் சாத்தியது போல இருக்கும். தாம்பூலத்தை மறுப்பது கல்யாணத்தையே மறுப்பதாகும். எழுந்து நின்று இரண்டு கையாலும் தட்டை வாங்கி, சாமிப் படத்தடியில் வைத்துவிட்டு, உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்து, பத்திரிகையைப் பிரித்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். பெண் எந்த ஊர், பையன் என்ன வேலை, தாலி கட்டு எந்தக் கோயிலில், விருந்து எந்த மண்டபத்தில் என்று விசாரிக்க வேண்டும். அதன் பிறகு, அவர்கள் எழுந்து கிளம்புவதற்கு முன், நம் நிலைமையைச் சொல்ல வேண்டும். அவர்கள் வாசல் தாண்டிய பிறகு பின்னாலேயே ஓடிப்போய்ச் சொல்வது அழகல்ல.

இன்னொன்று. புருஷன் "வந்துருவோம்" என்பார், பொஞ்சாதி "பாக்கலாங்க" என்பார். வந்தவர்கள் எதை நம்புவது? "ரெண்டு பேரும் பேசிட்டு நாளைக்குச் சொல்றோம்ணே" என்று கேட்டுக்கொள்வதில் தவறே இல்லை. ஆனால் நாளை என்றால் நாளைதான்.

நண்பர் கதைக்கு வருவோம். அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். நாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். என்ன பேசுவது என்று முன்பே ஒத்திகை பார்த்திருந்தும் முதல் வார்த்தை அவருக்கு வரவில்லை. பிறகு இப்படிச் சொன்னார்: "அண்ணே, அன்னிக்கு நாள் பாக்காம வரேன்னு சொல்லிட்டேன். எந்தப்புதான். அதே நாளு ஜொகூர்ல தங்கச்சி மக சடங்குண்ணே. நான் தாய்மாமன், சீர் வைக்கணும். தம்பி கல்யாணத்துக்கு என்னால வர முடியலண்ணே."

அவ்வளவுதான். ஒரு காரணம், உண்மையான காரணம். பலர் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். சடங்கு என்று சொன்னது போதாது என்று நினைத்து, பஸ் கிடைக்காது, பிள்ளைக்குச் சோதனை, காலில் வலி என்று மூன்று நான்கைச் சேர்த்துக் கட்டுவார்கள். காரணம் கூடக் கூட நம்பிக்கை குறையும். "பஸ்தான பிரச்சனை, நான் காடி அனுப்புறேன்" என்று அவர் சொல்லிவிட்டால் பிறகு எங்கே போவது?

அண்ணன் உடனே சமாதானமாகிவிட்டார் என்று எழுத நமக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சரிப்பா. பதினெட்டு வருஷம் ஒரே செவுத்துல இருந்தோம். எங்க வீட்டுக் கல்யாணம் ஒனக்குப் பெருசாத் தெரியல" என்றார். நண்பருக்கு முகம் சிவந்துவிட்டது. பதிலுக்கு வாதாடத் தயாரானவரை நாம் கையைக் காட்டி அடக்கினோம். மகன் கல்யாணத்தில் இருக்கும் தகப்பன் வருத்தப்பட்டு ஒரு வார்த்தை சொல்வார். அதை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். நியாயம் பேசும் இடம் அது அல்ல. நண்பர், "நீங்க கோவிச்சிக்கிட்டா சரிதாண்ணே, ஒங்களுக்கு இல்லாத உரிமையா" என்று மட்டும் சொன்னார்.

பிறகு நண்பரின் மனைவி தொலைபேசியை வாங்கி, அந்த அண்ணியிடம் பேசினார். உண்மை விவரம் அப்போதுதான் வெளிவந்தது. அவர்களுக்கு ஆறு பேர் வந்து சாப்பிடாமல் போவது பெரிய குறை அல்ல. புதிதாய்க் குடிபோன ஊரில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஆள் குறைவு. பெண் வீட்டார் பெரிய கூட்டமாக வருகிறார்கள். பரிசத் தட்டு தூக்க, வந்தவர்களை வாசலில் நின்று வரவேற்க, மொய் எழுத, பந்தி பார்க்கத் தோட்டத்து ஆள் ஒருவராவது இருந்தால் நன்றாயிருக்கும் என்று அண்ணன் நினைத்திருக்கிறார். அந்த ஆள்தான் வரவில்லை என்கிறார்.

அழைப்பை மறுக்கும்போது இதைத் தெரிந்துகொள்வது பெரிய காரியம் என்று நமக்குப் பட்டது. அழைத்தவர் நம்மிடம் எதை எதிர்பார்த்தார்? சாப்பிட வரும் தலையையா, நிற்க ஒரு தோளையா, மொய்யையா, இல்லை பழைய சிநேகம் மாறவில்லை என்ற அடையாளத்தையா? அது தெரிந்தால் நாம் வராவிட்டாலும் அதைக் கொடுத்துவிடலாம். நண்பருக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு மகன். அவனை வெள்ளிக்கிழமை இரவே கிள்ளானுக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. சனிக்கிழமை மண்டபத்தில் நாற்காலி போட்டான். ஞாயிற்றுக்கிழமை வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றான். ஆறு தட்டு ஒன்றானது. அண்ணனுக்கு ஐந்து தட்டுக் காசு மிச்சம்.

தொலைபேசியை வைத்த பிறகு நண்பர் இன்னொரு உண்மையைச் சொன்னார். சடங்கு ஒரு காரணம். பணம் இன்னொன்று. அவருடைய மூத்த மகள் கல்யாணத்துக்கு அந்த அண்ணன் 101 வெள்ளி மொய் எழுதியிருந்தார். வாங்கிய மொய்யைக் கூட ஒன்று வைத்துத் திருப்புவதுதானே முறை? சீர்ச் செலவு போக அந்த மாதம் அவரிடம் மிஞ்சியது ஐம்பது வெள்ளிகூட இல்லை.

தோழர்களே, கல்யாணத்துக்குப் போகாமல் ஒளிந்துகொள்வோரில் பெரும்பாலோர் உண்மையில் ஒளிந்துகொள்வது மொய் நோட்டைக் கண்டுதான். இதை வெளியே சொல்ல வெட்கம். இதைக் கல்யாண வீட்டில் சொல்ல வேண்டும் என்று நாம் சொல்ல மாட்டோம். அது அவர்களையும் சங்கடப்படுத்தும். ஆனால் பணம் இல்லை என்பதற்காக ஒன்றுமே செய்யாமல் இருந்துவிடக் கூடாது. மொய் ஒரே நாளில் தீர்க்க வேண்டிய கடன் அல்ல. அந்த வீட்டில் நாளைக்கு வளைகாப்பு வரும், பேரப்பிள்ளைக்குக் காது குத்து வரும். இப்போது முடிந்ததை வைத்துவிட்டு, மீதியை அப்போது கூட்டி வைக்கலாம். நண்பர் 31 வெள்ளியை உறையில் போட்டு மகனிடம் கொடுத்தனுப்பினார். நோட்டில் பெயர் ஏறியது. நோட்டில் பெயர் இல்லாமல் இருப்பதைவிடச் சிறிய தொகையோடு பெயர் இருப்பது எவ்வளவோ மேல்.

உறை என்றதும் நாம் பட்ட பாடு ஒன்று நினைவுக்கு வருகிறது. சில வருஷங்களுக்கு முன்பு, கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்ததால் ஒரு தோழர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் போகவில்லை. முறையாகச் சொல்லிவிட்டோம். மொய்யை உறையில் போட்டு, அன்புடன் என்று எழுதி, நம் பெயரை மட்டும் போட்டு, போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டோம். அந்தத் தோட்டத்தில் நம் பெயரில் இன்னும் இரண்டு பேர் இருப்பது நம் மூளைக்கு எட்டவில்லை. மொய் எழுதியவர் அவர்களில் ஒருவர் கணக்கில் எழுதிவிட்டார். அதற்குப் பிறகு அந்தத் தோழர் நம்மைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவார், பேச்சு இல்லை. வரவும் இல்லை, வைக்கவும் இல்லை என்று அவர் நினைத்திருக்கிறார். கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு காரியத்துக்காக அவர் பழைய நோட்டைப் புரட்டியபோது, ஒரே ஆள் இரண்டு முறை மொய் வைத்திருப்பதைப் பார்த்துத்தான் விஷயம் புரிந்தது. இரண்டு வருஷம்! ஆகவே உறைமேல் தகப்பனார் பெயர், தோட்டம் அல்லது தாமான் பெயர் எல்லாம் எழுத வேண்டும். கொண்டுபோகிறவர் மொய் மேசையில் நின்று, நோட்டில் ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும். "குடுத்துட்டேன்" என்று சொன்னால் போதாது. "எழுதினாங்க, பாத்தேன்" என்று சொல்ல வேண்டும்.

இப்போது வாட்ஸ்அப் குழுவிலும் பத்திரிகை வருகிறது. அதில் எல்லாரும் பார்க்க "வர இயலாது" என்று போடாதீர்கள். ஒருவர் போட்டால் அதைப் பார்த்து, போகலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்த இன்னும் பத்துப் பேர் போடுவார்கள். கல்யாண வீட்டார் குழுவைத் திறக்கவே அஞ்சுவார்கள். தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். வீட்டில் துக்கம் நடந்து தீட்டு இருந்தால் அதையும் தனியாக, சீக்கிரமாகச் சொல்லிவிட்டால் போதும். அதற்கு யாரும் வருத்தப்படுவதில்லை.

லீவு இல்லை என்ற காரணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வேலைச் சட்டத்தின்படி இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டு விடுமுறை 8 நாள். இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் என்றால் 12 நாள், ஐந்துக்கு மேல் 16 நாள். அதற்குள் தீபாவளி, பிள்ளைகள் காரியம், ஆஸ்பத்திரி எல்லாம் அடங்க வேண்டும். ஆகவே லீவு இல்லை என்பது பல வேளையில் உண்மைதான். ஆனால் கேட்டுப் பார்க்காமலே "கிராணி லீவு தர மாட்டாரு" என்று சொல்லாதீர்கள். கல்யாண வீட்டாருக்கு அந்தக் கிராணியையும் தெரிந்திருக்கலாம்!

கல்யாணம் முடிந்த இரண்டாவது ஞாயிறு, நண்பரும் மனைவியும் கிள்ளானுக்குப் போனார்கள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், கொஞ்சம் பூ, தோட்டத்து முருங்கைக்கீரை ஒரு கட்டு. மணமக்கள் காலில் விழுந்தார்கள், திருநீறு பூசினார்கள். அண்ணன் முதலில் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தாராம். கல்யாணப் படங்களை எடுத்துக் காட்டும்போது, பன்னீர்ச் செம்போடு நின்ற நண்பரின் மகன் படம் வந்தது. "இவன் இல்லன்னா அன்னிக்கு வாசல்ல நிக்க ஆளில்லப்பா" என்றார். அண்ணி முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே, "சாப்பிட்டுட்டுத்தான் போகணும், கல்யாணச் சோறு கடன் இருக்கு" என்றார். சாப்பிட்டுவிட்டு ராத்திரி கடைசி பஸ்ஸுக்குத்தான் கிளம்பினார்களாம்.